வினைச்சொல் அகராதியில் அகப்படவில்லையா? பகுதியைப் பிடிக்கும் வழி

‘மீட்டெடுக்கப்பட்டன’ என்று ஒரு செய்தியில் படிக்கிறோம். ‘மீட்டு’ என்பதன் நேர்ப்பொருள் என்ன என்று பார்க்க அகராதியைத் திறந்தால், ‘மீட்டு’ என்ற தலைச்சொல்லின் கீழ் வீணை வாசிக்கும் செய்தி இருக்கிறது. முழுச் சொல்லையும் தேடல் பெட்டியில் போட்டால் எதுவும் வருவதில்லை. அகராதியில் குறை ஒன்றுமில்லை. தமிழ் அகராதிகள் வினையை அதன் பகுதியின் கீழ்தான் வைத்திருக்கும். நாம் படிப்பதோ காலம், இடம், எண், துணைவினை எல்லாம் ஏறிய வடிவத்தை.

ஏவல் ஒருமைதான் பகுதி என்று பள்ளியில் சொல்லித் தந்திருப்பார்கள். நட, வா, செல், கேள் என ஒருவனை ஏவும் சொல் எதுவோ அதுவே பகுதி. நன்னூலும் நட, வா, மடி என்று தொடங்கி வினைப்பகுதிகள் முடியும் 23 ஈறுகளுக்கு மாதிரி காட்டும்போது ஏவல் வடிவங்களைத்தான் அடுக்குகிறது. இந்த வழி பாதி நேரம் போதும். ஆனால் ‘வெந்தது’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். கத்தரிக்காயைப் பார்த்து யாரும் ஏவுவதில்லை. ‘நீண்டது’, ‘தோற்றான்’ போன்றவற்றுக்கும் ஏவல் வடிவம் நாவில் எளிதில் வராது. அதனால் ஏவலை நம்பாத ஒரு வழி வேண்டும்.

நான் கையாளும் வழி இது. ஐயத்துக்குரிய வினையை ‘வேண்டும்’ என்பதற்கு முன் ஒருமுறையும், ‘விட்டது’ அல்லது ‘விட்டான்’ என்பதற்கு முன் ஒருமுறையும் வைத்துச் சொல்லிப் பாருங்கள். படிக்க வேண்டும், படித்துவிட்டான். ஓட வேண்டும், ஓடிவிட்டான். இப்படிக் கிடைக்கும் ‘படிக்க, படித்து’, ‘ஓட, ஓடி’ என்ற இணைதான் திறவுகோல். தமிழ் பேசுகிற எவருக்கும் இந்த இணை தானாக வரும், இலக்கணம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி வினைகளுக்கு அடைப்புக்குறிக்குள் இந்த இரண்டு வடிவங்களையும் அச்சிட்டிருப்பதால், நீங்கள் சொல்லிப் பார்த்ததை அங்கேயே ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இணை கையில் வந்ததும் பார்க்க வேண்டிய வரிசை ஒன்று உண்டு. முதலில் ‘விட்டான்’ முன் வந்த வடிவத்தைப் பாருங்கள். அது இகரத்தில் முடிந்தால் (ஓடி, பேசி, தாக்கி) அந்த இகரத்தை உகரமாக்குங்கள்: ஓடு, பேசு, தாக்கு. வேலை முடிந்தது. இகரத்தில் முடியாவிட்டால் ‘வேண்டும்’ முன் வந்த வடிவத்துக்கு வாருங்கள். அதில் ‘க்க’ இருந்தால் அதைக் கழியுங்கள்: படிக்க என்பது படி, கொடுக்க என்பது கொடு, நடக்க என்பது நட. ‘க்க’ இல்லையென்றால் கடைசி அகரத்தைக் கழியுங்கள்: ஆள என்பது ஆள், வாழ என்பது வாழ். கழித்த பின் ட், ற் போன்ற வல்லெழுத்து எஞ்சினால் உகரம் சேருங்கள்: விட என்பது விடு, பெற என்பது பெறு. இனி, எங்கெங்கே சிக்குகிறது என்று பார்ப்போம்.

அறிகுறி: சொல் மிக நீளம், எதுவுமே கிடைக்கவில்லை

‘வந்திருக்கிறார்கள்’, ‘எடுத்துக்கொண்டாள்’, ‘சொல்லிவிட்டிருந்தான்’ போன்றவை ஒரே சொல்போல எழுதப்பட்டாலும் இரண்டு மூன்று வினைகள் கோத்தவை. பின்னால் நிற்பவை பெரும்பாலும் இரு, விடு, கொள், போ, வை, படு ஆகிய துணைவினைகள்தாம். பொருள் தேட வேண்டியது முன்னால் நிற்கும் வினையில்.

மேலே சொன்ன ‘மீட்டெடுக்கப்பட்டன’ என்பதையே பிரித்துப் பார்ப்போம். ‘பட்டன’ என்பது செயப்பாட்டு வினைக்கான ‘படு’. அதைக் கழற்றினால் ‘மீட்டெடுக்க’. இது மீட்டு + எடுக்க. புதிய அகராதியாக இருந்தால் ‘மீட்டெடு’ என்பதே தனித் தலைச்சொல்லாக இருக்க வாய்ப்புண்டு, அதை முதலில் பாருங்கள். இல்லையென்றால் ‘மீட்டு’ என்பதன் பகுதி வேண்டும்.

இங்கே அவசரப்பட்டால்தான் வீணையில் போய் நிற்போம். இணையைச் சொல்லிப் பாருங்கள். நகையை மீட்க வேண்டும், நகையை மீட்டுவிட்டான். ‘மீட்டு’ இகரத்தில் முடியவில்லை. ‘மீட்க’ என்பதில் ‘ட்க’ இருக்கிறது. ளகரத்தில் முடியும் பகுதியோடு ககரம் சேரும்போது ளகரம் டகரமாக மாறும். கேள் என்பது கேட்க என்று ஆவது அப்படித்தான். ஆகவே பகுதி மீள். வீணைக்கு வரும் இணை வேறு: மீட்ட வேண்டும், மீட்டிவிட்டாள். ‘மீட்டி’ இகரத்தில் முடிவதால் அதன் பகுதி மீட்டு. ‘ஊரிலிருந்து மீண்டான்’ என்பது மூன்றாவது: மீள வேண்டும், மீண்டுவிட்டான். இதற்கும் பகுதி மீள்தான், ஆனால் பொருள் தானாகத் திரும்பி வருவது. ஒரே எழுத்துக் கோவையின் கீழ் இரண்டு வினைகள் இருப்பதை அடுத்த அறிகுறியில் பார்ப்போம்.

அறிகுறி: பகுதி கிடைத்தது, ஆனால் பொருள் பொருந்தவில்லை

‘தூசு படிந்தது’ என்பதற்குப் பகுதி படி. ‘பாடம் படித்தது’ என்பதற்கும் பகுதி படி. அகராதியில் ‘படி’ என்று பார்த்தால் முதலில் கண்ணில் படும் பதிவு உங்களுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

1924 முதல் 1936 வரை சென்னைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட தமிழ் லெக்சிகன் இதை ஒரு கோட்டாலும் ஒரு தகரத்தாலும் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று ‘படி-தல்’, மற்றது ‘படி-த்தல்’. பின்னால் ஓர் எண்ணும் இருக்கும்: படி-தல் 4, படி-த்தல் 11. அந்த எண் அந்த வினை எந்த வகையில் காலம் காட்டுகிறது என்பதைக் குறிக்கிறது. பொருளின் வரிசை எண் என்று அதை எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்தப் பதிவு உங்களுடையது என்பதை ‘வேண்டும்’ சோதனை சொல்லிவிடும். ‘க்க’ வந்தால் ‘-த்தல்’ பதிவு, வராவிட்டால் ‘-தல்’ பதிவு. படிய வேண்டும் என்றால் படி-தல். படிக்க வேண்டும் என்றால் படி-த்தல். விளக்கு அணைய வேண்டும், விளக்கை அணைக்க வேண்டும். இலை உதிர வேண்டும், சொல்லை உதிர்க்க வேண்டும். பெரும்பாலும் தானாக நடப்பது ‘-தல்’ பக்கமும் ஒருவர் செய்வது ‘-த்தல்’ பக்கமும் இருக்கும். இதை விதியாகப் பிடித்துக்கொள்ள முடியாது. ‘அறிதல்’ ஒருவர் செய்வதுதான், ‘சிரித்தல்’ எதன்மீதும் செய்வதன்று.

இறந்தகாலத்தை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்கக் கூடாது என்பதற்கு ‘நடந்தான்’ நல்ல சான்று. படிந்தது, அணைந்தது போல இதிலும் ‘ந்த’ இருப்பதால் ‘நட-தல்’ என்று தேடத் தோன்றும். ஆனால் நடக்க வேண்டும் என்றுதான் சொல்கிறோம். லெக்சிகனில் அது நட-த்தல். பற, மற, பிற, திற, கட, கிட என்று அகரத்தில் முடியும் பகுதிகள் பலவும், அவற்றோடு ‘இரு’ என்பதும் இப்படித்தான்: இறந்தகாலத்தில் ‘ந்த’, ‘வேண்டும்’ முன் ‘க்க’.

மறுபுறம், ‘வேண்டும்’ வடிவம் மட்டும் போதாத இடமும் உண்டு. ‘கலக்கும்’ என்று ஒரு வரியில் வருகிறது. பாலில் தண்ணீர் கலக்கும் என்றால் இணை கலக்க, கலந்து. இகரம் இல்லை, ‘க்க’ போனால் பகுதி கல. வயிற்றைக் கலக்கும் என்றால் இணை கலக்க, கலக்கி. இகரம் இருப்பதால் பகுதி கலக்கு. ‘வேண்டும்’ வடிவம் இரண்டுக்கும் ஒன்றே, பிரித்தது ‘விட்டது’ வடிவம்தான். ‘இறக்கும்’ என்பதும் இதே கதை: இறக்க, இறந்து என்றால் இற, இறக்க, இறக்கி என்றால் இறக்கு. இகரத்தை முதலில் பாருங்கள் என்று மேலே வரிசை வைத்தது இதற்காகத்தான்.

அறிகுறி: ற்ற, ட்ட, ன்ற, ண்ட இருக்கிறது, பகுதியின் கடைசி எழுத்தே தெரியவில்லை

அதிகம் பேர் தடுமாறும் இடம் இது. கற்றான், பெற்றான் இரண்டும் ஒரே சாயல். ஒன்று கல், மற்றது பெறு. கேட்டான், விட்டான் என்பனவும் அப்படியே: கேள், விடு. ல், ள் என முடியும் பகுதியோடு இறந்தகாலத் தகரம் சேரும்போது இரண்டு எழுத்தும் திரிந்துவிடுகின்றன. அதனால் வெளியே தெரிவதை வைத்துப் பகுதியின் ஈற்றை ஊகிக்க முடியாது.

‘வேண்டும்’ முன் வைத்தால் திரை விலகும். கற்க வேண்டும், பெற வேண்டும். ‘ற்க’ என்று வந்தால் பகுதி லகரத்தில் முடியும்: கல், நில், ஏல். வெறும் ‘ற’ என்று வந்தால் அது ‘று’: பெறு, உறு. அதேபோல் ‘ட்க’ என்றால் ளகரம்: கேள். வெறும் ‘ட’ என்றால் ‘டு’: விடு, இடு, சுடு, போடு. ‘ன்ற’, ‘ண்ட’ என்பவற்றில் இன்னும் எளிது. செல்ல வேண்டும், தின்ன வேண்டும், ஆள வேண்டும், உண்ண வேண்டும் என்று சொன்னாலே லகரமா னகரமா, ளகரமா ணகரமா என்பது வாயிலேயே தெரிந்துவிடும். சென்றான் என்பது செல், தின்றான் என்பது தின், ஆண்டான் என்பது ஆள், உண்டான் என்பது உண்.

இதே எழுத்துகள் பகுதிக்கே சொந்தமாகவும் இருக்கலாம். தோன்றினான், தாண்டினான், சுற்றினான், காட்டினான் என்பவற்றில் ன்ற, ண்ட, ற்ற, ட்ட எல்லாம் பகுதியின் எழுத்துகளே. அடையாளம் பின்னால் வரும் ‘இன்’. தோன்றிவிட்டது, தாண்டிவிட்டான் என்று இகரம் ஒலிக்கும். பகுதி தோன்று, தாண்டு. ‘பொறுப்பை ஏற்றான்’, ‘மூட்டையை ஏற்றினான்’ இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முதலாவது ஏற்க, ஏற்று: பகுதி ஏல். இரண்டாவது ஏற்ற, ஏற்றி: பகுதி ஏற்று. ‘ஏற்று’ என்று கண்ட இடத்திலெல்லாம் ‘ஏற்று’ தலைச்சொல்லுக்குப் போனால் பாதி தடவை தவறான பக்கத்தில் நிற்போம்.

கொஞ்சம் பழைய உரைநடை படிப்பவர்களுக்கு ஒரு சொல். ‘கூறிற்று’, ‘ஓடிற்று’, ‘ஆயிற்று’ என்பவற்றில் வரும் ‘ற்று’ அஃறிணை ஒருமை முடிவைச் சேர்ந்தது. அதற்கு முன் இகரம் இருப்பதைப் பார்த்து, ‘ற்று’ முழுவதையும் விட்டுவிட்டு, கூறி, ஓடி என்று எடுத்துக்கொண்டால் கூறு, ஓடு என்று வந்துவிடும்.

அறிகுறி: இரட்டித்த மெய்யைக் கழிக்கவா, வைக்கவா?

‘கொள்ளும்’, ‘தள்ளும்’ இரண்டிலும் ‘ள்ள’ இருக்கிறது. ‘விட்டான்’ சோதனை போடுங்கள். கொண்டுவிட்டான்: இகரம் இல்லை. அப்படியானால் ‘கொள்ள’ என்பதில் ளகரம் குறிலுக்குப் பின் இரட்டித்தது, பகுதி கொள். தள்ளிவிட்டான்: இகரம் இருக்கிறது, இரட்டிப்பு பகுதிக்குச் சொந்தம், பகுதி தள்ளு. செய்ய, செய்து என்பது செய்; அள்ள, அள்ளி என்பது அள்ளு.

‘சொல்’ இந்த விதிக்கு வெளியே நிற்கிறது. சொல்ல, சொல்லி என்ற இணை ‘சொல்லு’ என்ற பகுதியைக் காட்டும், இன்றைய அகராதிகளில் தலைச்சொல்லோ ‘சொல்’. 1862இல் வெளிவந்த வின்சுலோ போன்ற பழைய அகராதிகளில் இப்படி மெய்யில் முடியும் வினைகளை உகரம் சேர்த்துத் தேட வேண்டிவரும். லெக்சிகன் ‘சொல்(லு)-தல்’ என்று இரண்டுக்கும் இடம் கொடுத்து எழுதுகிறது. ஆகவே மெய்யில் முடியும் பகுதி ஓர் அகராதியில் கிடைக்காவிட்டால், உகரம் சேர்த்து இன்னொரு முறை தேடிவிட்டு அடுத்த முடிவுக்குப் போங்கள்.

யகரத்திலும் ஒரு நுணுக்கம். ‘அறிய’, ‘அலைய’ என்று இ, ஐ ஆகியவற்றுக்குப் பின் வரும் யகரம் உடம்படுமெய். அதையும் கழித்தால் அறி, அலை. ‘காய’, ‘மேய’ என்பவற்றில் யகரம் பகுதியின் எழுத்து: காய், மேய். ‘அழ’, ‘எழ’ என்று வந்து பகுதி அழ், எழ் போலத் தோன்றினால் மற்ற வடிவத்தைப் பாருங்கள். அழுது, எழுந்து என்று உகரம் அங்கே வெளிப்படையாக நிற்கிறது: அழு, எழு.

அறிகுறி: முதல் எழுத்தே மாறிவிட்டது

வந்தான், தந்தான், கண்டான், வெந்தது, நொந்தான், செத்தான். இவற்றில் பகுதியின் நெடில் இறந்தகாலத்தில் குறுகிவிட்டது. பகுதிகள் முறையே வா, தா, காண், வே, நோ, சா. ‘செத்தான்’ என்பதில் உயிரே வேறாகிவிட்டது. காண, வேக, நோக, சாக என்ற ‘வேண்டும்’ வடிவங்களில் நெடில் திரும்பிவிடும் (ககரத்தைக் கழித்துக்கொள்ளுங்கள்; போக, ஆக என்பவற்றிலும் அப்படியே). வர, தர இரண்டு மட்டும் அங்கேயும் குறுகியே நிற்கும். இவை விரல்விட்டு எண்ணக்கூடிய தொகுதி, விதி தேடாமல் மனத்தில் வைத்துக்கொள்வதே நல்லது.

அறிகுறி: பேச்சு வடிவத்தில் எழுதியிருக்கிறது

கதைகளின் உரையாடலில் ‘அடிச்சான்’, ‘தெரிஞ்சுது’, ‘காஞ்சு போச்சு’ என்று வரும். இ, ஐ, ய் ஆகியவற்றுக்குப் பின் வந்த ‘த்த’ பேச்சில் ‘ச்ச’ ஆகிறது, ‘ந்த’ என்பது ‘ஞ்ச’ ஆகிறது. முதலில் எழுத்து வழக்குக்குத் திருப்புங்கள்: அடித்தான், தெரிந்தது, காய்ந்து போயிற்று. ‘வச்சான்’ என்பதில் ஐகாரமே கரைந்திருக்கிறது: வைத்தான். ‘வந்துட்டான்’, ‘எடுத்துக்கிட்டான்’ என்பவை வந்துவிட்டான், எடுத்துக்கொண்டான். அதன்பின் இணையைச் சொல்லிப் பாருங்கள். ‘கெஞ்சினான்’, ‘அஞ்சினான்’ என்பவற்றைத் திருப்பிவிடாதீர்கள். ‘இன்’ இருப்பதால் அவற்றின் ‘ஞ்ச’ பகுதியினுடையது: கெஞ்சு, அஞ்சு.

எதிர்மறை வடிவங்கள் பயமுறுத்தினாலும் இவற்றைவிட எளியவை. நடக்காமல், கேட்காத, செய்யாது என்பவற்றில் ‘ஆ’ முதலான முடிவை எடுத்துவிட்டு அகரம் வைத்தால் ‘வேண்டும்’ வடிவம் அப்படியே கையில் இருக்கிறது: நடக்க, கேட்க, செய்ய.

அறிகுறி: பகுதி சரிதான், இணைய அகராதி மட்டும் ‘இல்லை’ என்கிறது

லெக்சிகன், வின்சுலோ, பெப்ரிசியஸ் ஆகிய அகராதிகள் சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் தேடக் கிடைக்கின்றன. ‘படித்தல்’ என்று முழுதாகத் தட்டினால் கிடைக்காதது ‘படி’ என்று தட்டும்போது கிடைக்கலாம். தலைச்சொல் கோடு போட்டுப் பிரித்து அச்சானது என்பதை நினைவில் வையுங்கள். சொல்லின் தொடக்கத்தை மட்டும் வைத்துத் தேடும் வசதி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள்.

அதுவும் பலிக்கவில்லை, சொல்லில் ஒகர, ஓகாரக் கொம்புகள் இருக்கின்றன என்றால் தட்டச்சைச் சந்தேகப்படுங்கள். ‘கொள்’ என்பதில் வரும் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் (U+0BCA) சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டி இரண்டு குறியீடுகளாகவும் (U+0BC6, U+0BBE) சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமமாக்கிக்கொள்ளாத தேடல் பெட்டி அவற்றை வேறு வேறு சொற்களாக எண்ணும். பழைய கோப்பிலிருந்தோ படியெடுத்த நூலிலிருந்தோ ஒட்டிய சொல்லில் இது அடிக்கடி நேரும். ஒட்டியதை அழித்துவிட்டு, உங்கள் விசைப்பலகையில் அந்தச் சொல்லைப் புதிதாகத் தட்டிப் பாருங்கள். ஒட்டிய சொல்லில் காலுக்குப் பதில் ரகரம் உட்கார்ந்திருக்கிறதா என்பதையும் அப்போதே கவனித்துவிடலாம்.